கடலூரில் வீடு வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர்களே, பூச்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

திருப்பூர்க் குடும்பம் ஒன்று, கடலூரில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் தங்கள் வீட்டுக்கு இங்கே திருப்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தோடு ஒரு வருட ஒப்பந்தம் போட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்தடித்தார்கள், அறைக்கு அறை ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தார்கள், குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்கள். ஆனாலும் துணி அலமாரியில் வெள்ளிமீன் பூச்சி, சமையலறையில் கரப்பான், குளியலறை ஓரத்தில் பூரான். யாரும் ஈரப்பதத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை.

"ஜன்னலை நாள் பூராத் தொறந்து வைங்கண்ணா, காத்துப் போனாத் தானாக் காஞ்சிருமுங்க" என்றார் வந்தவர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நம்ம பக்கத்துக்கு அது சரி. கடலோரத்தில் வெளிக்காற்று 30 டிகிரியும் 80 சதவீத ஈரமுமாக இருந்தால், அதுவே 27 டிகிரிச் சுவரைத் தொடும்போது 95 சதவீதமாகிவிடும். அலமாரியின் முதுகுப்பக்கம் பூஞ்சை பிடிக்க அது போதும். பூஞ்சையைத் தின்னும் தூசி போன்ற பூச்சிகள் முதலில் வரும். வெள்ளிமீனுக்கும் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பிடிக்கும். எனவே ஜன்னலை வெயில் ஏறிய நேரத்தில் திறந்து, மாலையிலும் மழை நாளிலும் மூடுங்கள்.

ஃபேன் விஷயம்தான் அப்பட்டமான ஏமாற்று. அதன் குழாய் வெளிச்சுவர்வரை போகாமல் பரணுக்குள்ளேயே முடிந்திருந்தது. குளித்த ஈரமெல்லாம் பரணில் தங்கி, கரப்பானுக்குத் தண்ணீர் கொடுத்தது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஃபேன் ஓடும்போது வெளிச்சுவரில் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். கதவடியில் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் உள்ளே இழுக்க வேண்டும். கதவுக்குக் கீழே முக்கால் அங்குல இடைவெளி இல்லையென்றால் ஃபேன் சும்மா சுற்றும். குளித்த பின் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள்.

ஈரம் உறிஞ்சும் டப்பா இறுக மூடிய அலமாரிக்குள் வேலை செய்யும். திறந்த அறையில் வைத்தால் காசு வீண்.

சுவர் ஈரம் எங்கிருந்து வருகிறது என்றும் அவர்கள் பார்க்கவில்லை. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி நின்றால் சுவரே ஈரம், கசிவை அடைக்க வேண்டும். வெளிப்பக்கம் ஈரமானால் காற்றின் ஈரம், அதற்குத்தான் ஃபேனும் ஜன்னல் நேரமும். அந்த வீட்டில் இரண்டுமே இருந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "மருந்தடிப்பது மட்டும்தான் ஒப்பந்தம்" என்று காகிதத்தைக் காட்டினார்கள். ஆகவே கையெழுத்துக்கு முன்பே நாலு இடத்து ஈரப்பத அளவு, ஃபேன் குழாய் முடியும் இடம், வேலை முடிந்தபின் அலமாரிக்குள் எத்தனை சதவீதத்துக்குக் கீழ் வர வேண்டும், இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். 60 என்று கேளுங்கள்.