ஆடிவேல் பவனி: முதன்மைக் கமரா செட்டியார் தெருவிலா, காலி வீதியிலா?

கொழும்பில் ஆடி மாதம் நடக்கும் முருகன் தேர்விழாவான ஆடிவேல் பவனியைப் பதிவு செய்யும் சிறு குழுக்களிடம் பெரும்பாலும் இரண்டு கமராக்கள்தான் இருக்கும். தேரோ செட்டியார் தெருவில் புறப்பட்டு, காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிவரை மணிக்கணக்கில் ஊர்ந்து போகும். முதன்மைக் கமராவை எங்கே நிறுத்துவது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும்.

செட்டியார் தெருவின் பலம் நெருக்கம். நகைக்கடை ஒன்றின் முதல் மாடியில் நின்றால், தேரின் மேற்பகுதி கண்மட்டத்துக்கு வரும். கீழே வடம் பிடித்த கைகளும் சிதறும் தேங்காயும் அதே காட்சியில் அடங்கும். ஆனால், தேர் கடந்துவிட்டால் அவ்வளவுதான், மறுவாய்ப்புக் கிடையாது. கடைக்காரரிடம் முந்திய வாரமே அனுமதி கேளுங்கள். முதல் நாளே மாடியேறி, கம்பியோ பெயர்ப்பலகையோ மறைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காலி வீதியில் இடம் தாராளம், சிக்கல் வெளிச்சத்தில்தான். தேர் தெற்கு நோக்கிப் போகிறது. ஆடியில் நண்பகல் சூரியன்கூடக் கொழும்புக்குச் சற்று வடக்கே நிற்கும். எனவே, எதிரே நின்று எடுத்தால் தேரின் முகம் நிழலில் இருண்டுவிடும். காலையில் வீதியின் கிழக்கு ஓரத்தில் நின்றால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், தேரின் இடப்புறம் துலங்கும். காலிமுகத்திடலில் அதன் பின்னே கடலும் தெரியும்.

கூட்டத்தைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. செட்டியார் தெருவில் தரையில் முக்காலி வைக்கவே கூடாது. தேருக்கு வழிவிட்டு மக்கள் பின்வாங்கும்போது அதன் கால்கள் தடுக்கும். சென்ற ஆண்டு அங்கே தேருக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி எடுத்தேன். தேங்காய்த் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். பின்னால் கர்ப்பூரத் தட்டுடன் நின்ற பெண் சட்டென்று தட்டை உயர்த்தியிராவிட்டால் நெருப்பு என் தோளில் விழுந்திருக்கும். அன்றோடு அந்த முறையைக் கைவிட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால், யாரும் தள்ளாமலே கூட்டம் அலைபோல் அசையும். நீங்கள் அடி எடுத்து வைக்காமலே உடல் நகர்ந்தால், எடுப்பதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் சந்துக்குள் ஒதுங்குங்கள். தேர் வரும் திசைக்கு எதிராக முண்டிப் போகாதீர்கள்.

ஆகவே என் தேர்வு, முதன்மைக் கமரா செட்டியார் தெரு மாடியில். கூட்டம் சேருமுன் ஏறி, அது கலைந்தபின் இறங்க வேண்டும். இரண்டாவது கமரா காலி வீதியின் கிழக்கு ஓரத்தில்.

நேர்காணலுக்குச் செட்டியார் தெரு சரிவராது, தவிலும் நாதஸ்வரமும் குரலை விழுங்கிவிடும். கொள்ளுப்பிட்டிப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் இருந்தால், அதற்குப் பத்தடி தள்ளி நில்லுங்கள். தேர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னர் அங்கே மக்கள் ஓய்வாக நிற்பார்கள். ஒலிவாங்கியைப் பேசுபவரின் சட்டையிலேயே குத்திவிடுங்கள். தூரத்தில் தவில் கேட்டதும் கேள்வியை நிறுத்தி, அவரைத் தேர் பார்க்க விடுங்கள். கமரா மட்டும் அவர் முகத்திலேயே இருக்கட்டும்.