ஃபீடும் மூக்கு ஆரமும்: சுவரில் ஒட்டிய அட்டவணையோடு என் அனுபவம்

மோல்மேனில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்கள் படமெடுத்து அனுப்பிய அட்டவணை பொய் சொல்கிறது. கடைந்த பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரான் வரும் என்று அதில் இருக்கிறது. சொரசொரப்பை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தால் 1.3 காட்டுகிறது" என்றார். கோபம் அட்டவணை மேலா என் மேலா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அந்த அட்டவணை ரங்கூனில் என் பட்டறைச் சுவரில் எண்ணெய்க் கறை படிந்து பல காலமாகத் தொங்குகிறது. அதைப் பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

லேத் ஓட்டுபவருக்குச் சூத்திரம் புதிதல்ல. நினைவுக்காக மட்டும்:

```
Rt = f² / (8 r)
Ra = f² / (31.2 r)
```

Rt என்பது பரப்பின் மேடு பள்ளத்தின் முழு உயரம், Ra என்பது நடுக்கோட்டிலிருந்து அதன் சராசரி விலகல். f என்பது ஃபீட், அதாவது ஒரு சுற்றுக்கு வெட்டுமுனை நகரும் தூரம். r என்பது இன்செர்ட் எனப்படும் கழற்றி மாற்றும் வெட்டுமுனையின் மூக்கு ஆரம். fஉம் rஉம் மில்லிமீட்டரில். வரும் விடையை 1000 ஆல் பெருக்கினால் மைக்ரான். என் சுவரில் இருப்பது இந்தக் கணக்கைக் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்த தாள், அவ்வளவுதான். 0.8 மூக்கு, 0.2 ஃபீட் என்றால் Ra 1.6. ஃபீடைப் பாதியாக்கினால் நான்கில் ஒரு பங்காகி 0.4.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 0.15க்கு மேற்பட்ட ஃபீடில், கூர் தேயாத இன்செர்ட்டும் போதிய வேகமும் இருந்தால், இந்தத் தாள் என்னைக் கைவிட்டதில்லை. கருவி காட்டுவது தாளைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், ஆனால் வரிசை மாறாது. இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம் என்பதுதான் நான் எதிர்பாராத இன்பம். கடைந்த பரப்பின் மேல் எஃகு அளவுகோலை வைத்து, பூதக்கண்ணாடியில் கோடுகளை எண்ணிப் பாருங்கள். 0.1 ஃபீட் என்றால் 2 மில்லிமீட்டருக்குள் 20 கோடு இருக்க வேண்டும். பட்டறைக்குப் புதிதாக வந்த பையன் கடைந்த ஒரு புஷ் கையில் சொரசொரத்தது. "இன்செர்ட் போய்விட்டது, சயா" என்றான். எண்ணினால் 10 கோடுதான் இருந்தது. பல்சக்கரக் கைப்பிடி ஒரு பள்ளம் தள்ளி விழுந்து, ஃபீட் 0.2 ஆகியிருந்தது. இன்செர்ட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. கோடுகளின் எண்ணிக்கை சரியாக இருந்து அவற்றின் மேல் அகலமான அலை ஒன்று தெரிந்தால் அது அதிர்வு. இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தச் சூத்திரம்தான்.

இனி எரிச்சல். தாளின் அடிப்பகுதியில் 0.05 ஃபீடுக்கு ஒரு வரிசை இருக்கிறது. 0.4 மூக்குக்கு Ra 0.2, 0.8 மூக்குக்கு 0.1 என்று அச்சடித்திருக்கிறார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் சாதாரண லேத்தில், சாதாரண கோட்டிங் இன்செர்ட்டில் அந்த எண்ணை நான் கண்டதே இல்லை. "இது வெறும் வடிவக் கணக்கு" என்று ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு இன்செர்ட் மிச்சமாகியிருக்கும்.

ஏன் வராது? மூக்கின் அடிமுனையில், அதாவது கடைசியாகப் பரப்பை உருவாக்கும் இடத்தில், சீவலின் தடிமன் ஏறத்தாழ f²/(2r). இது Rtயைப் போல் நான்கு மடங்கு என்பதைக் கவனியுங்கள். ஆகவே தாளில் Rt இருந்தால் நான்கால் பெருக்கினால் போதும். 0.4 மூக்கு, 0.1 ஃபீட் என்றால் Rt 3.1 மைக்ரான், சீவல் 12.5 மைக்ரான். ஃபீடை 0.05 ஆக்கினால் சீவல் வெறும் 3 மைக்ரான். பொதுப் பயன்பாட்டு கார்பைடு இன்செர்ட்டின் வெட்டு விளிம்போ ஊசிக்கூர் அல்ல. விளிம்பு உடையாமல் இருக்க 20 முதல் 50 மைக்ரான் வரை உருட்டிவிட்டிருப்பார்கள். சீவலின் தடிமன் அந்த உருட்டலில் கால் பங்குக்கும் கீழே போனால் வெட்டு நின்று தேய்ப்பு தொடங்குகிறது. மழுங்கிய அரிவாள்மணையில் தக்காளி நறுக்குவது போல உலோகம் நசுங்கி ஓரத்துக்கு வழிகிறது. அந்த வழிசலைத்தான் கருவி 1.3 என்று படிக்கிறது.

அதோடு, 'பெரிய மூக்கு போடு, மழமழவென்று வரும்' என்ற பட்டறை அறிவுரையும் இந்த இடத்தில் தடுமாறுகிறது. ஃபீடைக் குறைத்து மூக்கையும் பெரிதாக்கினால் சீவல் இன்னும் மெலிகிறது. நீளமான மெல்லிய ஷாஃப்ட்டாக இருந்தால் பெரிய மூக்கு அதைப் பக்கவாட்டில் தள்ளி அதிரவும் வைக்கும். தாள் இரண்டையும் பற்றிப் பேசாது.

நண்பரின் வேலை 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பம்பு ஷாஃப்ட், நடுத்தரக் கார்பன் எஃகு. எண்ணெய்ச் சீல் உட்காரும் இடத்துக்கு Ra 0.8க்குள் வேண்டும். 0.4 மூக்கில் கணக்குப் போட்டால் 0.1 ஃபீடே 0.8 தருகிறது. எல்லையிலேயே நிற்கிறதே என்று பயந்து 0.05க்கு இறங்கியிருக்கிறார். அதுவும் நிமிடத்துக்கு 400 சுற்றில். 40 விட்டத்துக்கு அது நிமிடத்துக்கு 50 மீட்டர்தான். அந்த வேகத்தில் எஃகு, இன்செர்ட்டின் நுனியில் ஒட்டி, பிய்ந்து, மறுபடி ஒட்டும். சூத்திரத்தில் வேகத்துக்கு இடமே இல்லை. மின்சாரம் போய் ஜெனரேட்டரில் ஓட்டும்போது சுழற்சி இறங்கினாலும், ஃபீட் பல்சக்கரத்தில் பிணைந்திருப்பதால் சுற்றுக்கான அளவு மாறாது. தாளின் எண்ணும் மாறாது. பரப்பு மட்டும் கெடும்.

எந்தக் கோளாறு என்பதைக் கண்ணே சொல்லிவிடும். பரப்பு மங்கி, பொடிப் பொடியாகப் பிய்ந்த தடம் தெரிந்தால் வேகம் போதவில்லை. பளபளப்பாக இருந்தும் கோடுகள் ஒழுங்கில்லாமல் மழுப்பியது போல இருந்தால் அது தேய்ப்பு. நண்பரிடம் படம் கேட்டேன். இரண்டும் இருந்தன.

1200 சுற்றுக்கு ஏற்றச் சொன்னேன். அது நிமிடத்துக்கு 150 மீட்டர். இன்செர்ட்டில் புது முனையைத் திருப்பி வைத்து 0.08 ஃபீடில் ஓட்டச் சொன்னேன். தாளின் கணக்கு 0.5, அடிமுனைச் சீவல் 8 மைக்ரான். கருவி 0.7 காட்டியது. "ஃபீடைக் கூட்டினால் குறைகிறதே!" என்று சிரித்தார்.

அவர் சிரித்து முடிவதற்குள் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. கடைந்த பரப்பு என்பது மிக நுண்ணிய மரை. ஷாஃப்ட் சுழலும்போது அது சீலுக்கு அடியில் எண்ணெயை ஒரு பக்கமாகத் தள்ளும். சுழலும் திசை பொல்லாததாக இருந்தால் 0.7 இருந்தும் ஒழுகும். சீல் இடத்தைச் சாணைக்கல்லை நேராக உள்ளே செலுத்தித் தேய்ப்பதுதான் முறை. அதற்கு வழியில்லாவிட்டால் எமரித் துணியைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் பிடித்து அந்தச் சுருளை அழிக்க வேண்டும். இதற்கும் தாளில் ஒரு கட்டம் கிடையாது.

ஆகவே இந்தத் தாளுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்று நண்பர் கேட்டார். 0.05 வரிசையைக் கத்தரித்துவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள், நான்கு தருகிறேன் என்றேன். என் சுவரில் இருப்பதை இன்னும் கத்தரிக்கவில்லை. பையன்கள் 0.05 போட்டுவிட்டு என்னிடம் ஓடிவரும்போது திட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது.