பீர்க்கு என்று விற்கப்பட்ட நுரைப்பீர்க்கு விதை: சாயத்தைக் கழுவிப் பார்த்த பிறகு விதையுங்கள்

உறையின் மேல் பீர்க்கு என்று அச்சிட்டு, புடைத்த நரம்புகள் தெளிவாகத் தெரியும் பீர்க்கங்காயின் படத்தையும் போட்டு, உள்ளே முழுக்க முழுக்க நுரைப்பீர்க்கு விதையை வைத்து ஒரு விற்பனையாளர் எனக்கு விற்றிருக்கிறார். முறையிட்டபோது அவர் தவற்றை ஏற்கவில்லை. என் தோட்டத்துத் தேனீக்களின் மேல் பழியைப் போட்டார். இதே விதையை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள் என்பதாலும், இந்த ஏமாற்றை விதைப்பதற்கு முன்பே வெறுங்கண்ணால் கண்டுபிடித்துவிட முடியும் என்பதாலும் இதை விரிவாக எழுதுகிறேன்.

விதைகள் அடர்ந்த இளஞ்சிவப்புச் சாயத்தில் தோய்ந்து வந்தன. பூஞ்சைக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்த விதையை யாரும் தவறி உண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சாயம் ஏற்றுவது வழக்கம்தான். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இந்த உறையில் பூச்சு மிகவும் தடிப்பாக இருந்ததால் விதைத்தோலின் நிறமும் மேற்பரப்பும் மறைந்து, எல்லா விதைகளும் ஒரே வழவழப்பாகத் தெரிந்தன. முளைப்பும் நன்றாகவே இருந்தது. இளங்கன்றுகளையும் முதல் இலைகளையும் கொண்டு இந்த இரண்டு கொடிகளையும் வேறுபடுத்துவது பழகிய கண்ணுக்கே கடினம் என்பதால், பூக்கும் வரை ஐயம் எழ வாய்ப்பில்லை.

பூத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பீர்க்கு மாலையில் பூக்கும் கொடி. அதன் வெளிர்மஞ்சள் பூக்கள் பொழுது சாயும் வேளையில் விரியும். என் பந்தலிலோ பெரிய, அடர்மஞ்சள் பூக்கள் விடியற்காலையிலேயே விரிந்து நின்றன. ஆண் பூ ஒன்றைப் பறித்துப் பார்த்தேன். பீர்க்கின் ஆண் பூவில் மூன்று மகரந்தத் தாள்கள் இருக்கும். நுரைப்பீர்க்கில் பொதுவாக ஐந்து இருக்கும். நான் பறித்த பூவில் ஐந்து இருந்தன. அடுத்து வந்த பிஞ்சுகள் நரம்பே இல்லாமல் உருண்டு நீண்டு, நீளவாக்கில் கரும்பச்சைக் கோடுகளோடு வளர்ந்தன. விதைத்ததிலிருந்து பூக்க ஏறக்குறைய 35 முதல் 45 நாள் ஆகும் பயிர் இது. பந்தலும் உரமும் உழைப்பும் போக, அந்தப் பருவத்தில் மறுபடி விதைக்கும் வாய்ப்பும் அத்தோடு போய்விட்டது. நுரைப்பீர்க்கின் பிஞ்சும் உண்ணத் தக்கதுதான், நல்ல பயிர்தான். ஆனால் நான் பணம் கொடுத்துக் கேட்டது அதையன்று.

உறையில் மிச்சமிருந்த விதைகளைக் கையுறை அணிந்து வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவைத்து, பழைய துணியால் தேய்த்துச் சாயத்தை நீக்கினேன். (அந்த நீரில் மருந்து இருக்கும், குட்டை, கிணறு, கால்நடைத் தொட்டி எதிலும் அது சேரக் கூடாது.) உலர்ந்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்ததில், ஒரு விதைகூடப் பீர்க்கு இல்லை. அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

முதலில், எவற்றை நம்பக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நன்கு முற்றிய நிலையில் இரண்டு விதைகளும் கறுப்பாகத்தான் இருக்கும். இரண்டும் தட்டையானவை, ஒரு முனை சற்றுக் குறுகிய நீள்முட்டை வடிவம் கொண்டவை. பீர்க்கு விதை ஏறக்குறைய 11 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் 7 அல்லது 8 மில்லிமீட்டர் அகலமும் இருக்கும். நுரைப்பீர்க்கு விதையின் அளவும் இந்த எல்லைக்குள் பெரும்பாலும் வந்துவிடும். ஆகவே நிறத்தையும் நீள அகலத்தையும் மட்டும் வைத்து முடிவு கட்டினால் ஏமாந்துவிடுவோம். பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு: விதையின் தட்டையான முகம், அதைச் சுற்றி ஓடும் விளிம்பு.

பீர்க்கு விதையின் முகம் சொரசொரப்பானது. ஊசி முனையால் நெருக்கமாகக் குத்தி எடுத்தது போன்ற சிறு குழிகளும், அவற்றுக்கிடையே ஒழுங்கற்ற மேடுகளும் அதில் நிறைந்திருக்கும். நகத்தை மெதுவாக இழுத்தால் தடங்கித் தடங்கிச் செல்வது தெரியும். விளிம்பில் தனியாகப் பட்டை எதுவும் இருக்காது. முகம் வளைந்து நேராக ஓரத்தில் முடிந்துவிடும். நுரைப்பீர்க்கு விதையின் முகமோ வழவழப்பானது, நகம் தடையின்றி வழுக்கிச் செல்லும். அதன் ஓரத்தைச் சுற்றிலும் மெல்லிய, குறுகிய சிறகு போன்ற ஒரு விளிம்பு ஓடும். விதையைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால், தடித்த நடுப்பகுதியிலிருந்து அந்த விளிம்பு திடீரென மெலிந்து நீட்டிக்கொண்டிருப்பது நன்றாகப் புலப்படும். நான் கழுவிய விதைகள் அனைத்திலும் வழவழப்பான முகமும் இந்தச் சிறகு விளிம்பும் சேர்ந்தே இருந்தன. கறுப்பாகவும் வழவழப்பாகவும் இருந்து சிறகு விளிம்பு மட்டும் இல்லாத விதை உங்களுக்கு வந்திருந்தால் அதையும் பீர்க்கு என்று ஏற்காதீர்கள்; அது தர்பூசணி போன்ற வேறொரு கொடியின் விதையாக இருக்கக்கூடும். பாகல், புடலை, சுரை ஆகியவற்றின் விதைகளை இதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. அவற்றின் நிறமும் உருவமும் முற்றிலும் வேறு.

இந்தச் சோதனையை உலர்ந்த விதையில்தான் செய்ய வேண்டும். ஈரமான விதையில் நீர்ப்படலம் குழிகளை நிரப்பிப் பளபளக்கும். சொரசொரப்பான விதையும் அப்போது வழவழப்பாகத் தோன்றும். வெள்ளைத் தாளில் விதையை வைத்து, கைவிளக்கை மேலிருந்து பிடிக்காமல் தாளை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால், ஒவ்வொரு குழியும் தன் நிழலோடு தெரியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய உருப்பெருக்கி இருந்தால் இன்னும் நல்லது; இல்லாவிட்டாலும் இந்த ஒளியே போதும். ஒற்றை விதையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. முற்றாத பீர்க்கு விதை வெளிர்நிறமாகவும், குழிகள் சரியாக உருவாகாமலும் இருக்கும். நுரைப்பீர்க்கின் மெல்லிய விளிம்போ, இயந்திரத்தில் சுத்தம் செய்யும்போதும், விரைவில் முளைக்கட்டும் என்று ஓரத்தை நறுக்கும்போதும் உடைந்து போயிருக்கலாம். குறைந்தது இருபது விதைகளையாவது பரப்பி, சொரசொரப்பானவை ஒருபுறம், வழவழப்பானவை ஒருபுறம் என்று பிரித்துப் பாருங்கள். ஓரிரண்டு மட்டும் வேறாக இருந்தால் அது விதை எடுத்த இடத்திலோ கட்டிய இடத்திலோ நேர்ந்த கலப்பாக இருக்கலாம். என்னிடம் இருந்ததைப் போல எல்லாமே வேறாக இருந்தால், உறைக்கும் உள்ளிருக்கும் விதைக்கும் தொடர்பே இல்லை என்று பொருள்.

இனி அந்த விற்பனையாளர் சொன்ன சமாதானத்துக்கு வருகிறேன். "விதை சரியானதுதான், பக்கத்தில் எங்காவது நுரைப்பீர்க்கு இருந்திருக்கும், தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்ததால் உங்கள் காய் மாறிவிட்டது" என்றார். கேட்பதற்கு நம்பும்படி இருந்தாலும் இது அடிப்படையிலேயே தவறு. காயின் சதையும் தோலும் தாய்ச்செடியின் சூலகத்திலிருந்து வளர்பவை. வெளியிலிருந்து வந்த மகரந்தம் உள்ளே இருக்கும் கருவைத்தான் மாற்றும். அந்தக் கலப்பு, அக்காயின் விதையை எடுத்து அடுத்த முறை விதைக்கும்போதுதான் வெளிப்படும். எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் பீர்க்குக் கொடியில் நரம்பில்லாத காய் காய்க்காது. பூ காலையில் விரிந்ததற்கும் ஆண் பூவில் ஐந்து தாள்கள் இருந்ததற்கும் தேனீயைக் காரணம் காட்டவே முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விதைத்தோலும் தாய்ச்செடியின் திசுதான். வழவழப்பான, சிறகு விளிம்புள்ள அந்த விதைகள் என் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு நுரைப்பீர்க்குக் காய்க்குள் விளைந்தவை. அவற்றின் தோலே அதற்குச் சான்று. கழுவிய விதைகளையும் கழுவாத சிலவற்றையும் அளவுகோலோடு வைத்துப் படமெடுத்து, உறையில் இருந்த குவியல் எண்ணோடு அனுப்பியதும் தேனீக் கதை நின்றுவிட்டது; பதிலும் நின்றுவிட்டது. இத்தகைய விதையை வாங்கியவர்கள் உறையைத் தூக்கி எறியாமல், சில விதைகளைச் சாயத்தோடு அப்படியே எடுத்துவைத்துக் கொள்ளுங்கள். விதைத்துத் தீர்ந்துபோன விதையை வைத்து யாரும் முறையிட முடியாது.

விதைத்தோல் தாயை மட்டுமே காட்டும் என்பதால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. குழிகளும் மேடுகளும் நிறைந்த விதை பீர்க்குக் காயிலிருந்து வந்தது என்பது உறுதி. ஆனால் எந்த மகரந்தத்தால் கருவுற்றது, என்ன ரகம், முளைக்கும் திறன் எவ்வளவு என்பவற்றை அது சொல்லாது. குறிப்பாகக் கசப்பான பேய்ப்பீர்க்கு, பீர்க்கின் இனத்தையே சேர்ந்த காட்டு வகை என்பதால் இரண்டும் எளிதில் கலக்கும். பேய்ப்பீர்க்கின் விதை பொதுவாகச் சிறியது என்றாலும், அதன் மகரந்தம் விழுந்து நல்ல பீர்க்குக் காயில் விளைந்த விதை, தோற்றத்தில் நல்ல விதையாகவே இருக்கும். எனவே தோல் சோதனையில் தேறிய விதையாக இருந்தாலும், ஒவ்வொரு கொடியின் முதல் பிஞ்சிலும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கடுங்கசப்பு இருந்தால் அந்தக் கொடியின் காயைச் சமைக்க வேண்டாம், ஏனெனில் அந்தக் கசப்புப் பொருள் சமைத்தாலும் போகாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். கொடியை அடியோடு பிடுங்கிவிடுங்கள். அதிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம்.