எதைப் பூச்சியம் என்று எடுப்பது? நிரை ஒடுக்கத்தில் டாலரன்ஸ் ஒப்பீடு

அணியின் தரத்தைக் காகிதத்தில் கண்டுபிடிப்பது எளிது. ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, பூச்சியமில்லாத நிரைகளை எண்ணினால் போதும். கணினியில் அந்தப் பூச்சியம் பூச்சியமாக வருவதில்லை. MATLAB-இன் `magic(4)` அணியைப் பார்ப்போம்:

```
16  2  3 13
 5 11 10  8
 9  7  6 12
 4 14 15  1
```

இதன் தரம் 3. நிரலில் பெரிய எண்ணைப் பிவட்டாக எடுத்து ஒடுக்கினால் முதல் மூன்று பிவட்கள் 16, 13.5, −1.889. நான்காவது 0 ஆக வேண்டும்; வருவதோ 3.55e-15 அளவில் ஓர் எச்சம்.

`== 0` என்று சோதித்தால் தரம் 4 என்று வரும். அதோடு சுழிவெளியும் காணாமல் போகும்: A-ஆல் பெருக்கினால் பூச்சியமாகும் (−1, −3, 3, 1) என்ற திசையன் கிடைக்கவே கிடைக்காது. இந்தச் சோதனையை நான் எங்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பலர் 1e-10 என்று ஒரு நிலையான எல்லையை, அதாவது டாலரன்ஸை, வைத்து அதற்குக் குறைவானதைப் பூச்சியமாக எடுக்கிறார்கள். இங்கே அது வேலை செய்கிறது. ஆனால் அணி முழுவதையும் 2^20-ஆல் பெருக்குங்கள்: எச்சம் 3.7e-9 ஆகி எல்லையைத் தாண்டும், தரம் மறுபடி 4. 2^-40-ஆல் பெருக்கினால் மிகப் பெரிய உறுப்பே 1.5e-11 தான், தரம் 0 என்று வந்துவிடும். மீட்டரை மில்லிமீட்டராக மாற்றினால் தரம் மாறலாம் என்பதை ஏற்க முடியுமா?

அதனால் அளவோடு சேர்ந்து மாறும் எல்லைதான் சரி. நிரை ஒடுக்கம் செய்யும் MATLAB-இன் `rref` இயல்பாக வைப்பது இதுதான்:

```
tol = max(size(A))*eps*norm(A,inf)
```

நம் அணிக்கு 4 × 2.22e-16 × 34, அதாவது சுமார் 3e-14. எச்சம் அதற்குள் அடங்கும். நான்காவது நிரல் பிவட் இல்லாமல் நிற்பதால் x4 = 1 என்று வைத்து, மற்ற மூன்றையும் ஒடுக்கிய வடிவத்தின் நான்காவது நிரலிலிருந்து குறியை மட்டும் மாற்றிப் படித்துவிடலாம்.

ஆனால் இந்தச் சூத்திரம் கணினியின் முழுமையாக்கல் பிழையை மட்டுமே அறியும். அளவிட்ட தரவில் 13 என்பது 13.001 என்று பதிவானால் கடைசிப் பிவட் சுமார் 0.00033, தரம் 4 ஆகிவிடும். உங்கள் கருவி 0.001 வரை தவறலாம் என்றால் டாலரன்ஸையும் அந்த அளவில் நீங்களே கொடுக்க வேண்டும்.

சரி, `svd`? அது தரும் சிங்குலர் மதிப்புகளில் பூச்சியமில்லாதவற்றின் எண்ணிக்கைதான் தரம். இதே அணிக்கு அது 34, 17.89, 4.47 என்று தந்து, அப்புறம் ஒரேயடியாக 1e-15 அளவுக்கு இறங்குகிறது. இடைவெளி கண்ணுக்கே தெரியும். கணக்கு வேலை கூடுதல். சுழிவெளித் திசையனும் முழு எண்களாக வராது. சிறிய, ஒழுங்கான அணிகளுக்கு நிரை ஒடுக்கமே எனக்குப் பிடிக்கும்.

ஒரு வகை அணியில் மட்டும் அதை நம்பவே கூடாது. மூலைவிட்டத்தில் 1, அதற்கு மேலே எல்லாம் −1, கீழே 0 என்று ஒரு 60×60 அணி. பிவட்கள் அறுபதும் சரியாக 1. 1-க்குக் குறைவான எந்த டாலரன்ஸ் வைத்தாலும் தரம் 60. ஆனால் (2^58, 2^57, …, 2, 1, 1) என்ற திசையனை அந்த அணியால் பெருக்கினால் (0, …, 0, 1) வருகிறது. அவ்வளவு நீளமான திசையன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடுகிறது. `svd` அதைப் பிடித்து, தரம் 59 என்று சொல்லும்.