சிறுகுழுவா, தனிப்பயிற்சியா?

மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளையை உடனே தனியாக உட்காரவைக்க வேண்டாம். முதலில் சிறுகுழு: ஒரே இடத்தில் தடுமாறும் நாலைந்து பேர், வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். கெ, கே, கொ குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

தனிப்பயிற்சி தினமும் வேண்டும்; ஆசிரியரின் நேரத்தை விழுங்கும். ஆனால் ‘கொடி’யை விடாமல் ‘கெடி’ என்று வாசிக்கும் பிள்ளைக்குத் துணைக்கால் கண்ணில் படவில்லையா, ஒலியே பிரியவில்லையா என்று அதில்தான் நிதானமாகப் பார்க்க முடியும். எழுத்தைக் காட்டாமல் இரண்டையும் சொல்லி, ஒன்றா வேறா என்று கேளுங்கள்.

எப்போது மாற்றுவது? வாரம் ஒருமுறை புதிய பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கவைத்து, சரியான சொற்களை எண்ணுங்கள். தொடர்ந்து நான்கு முறை இலக்குக்குக் கீழே இருந்தால் மாற்றலாம். அதற்குமுன் வருகைப்பதிவைப் பாருங்கள். பாதி நாள் கூடாத குழுவைப் ‘பலனில்லை’ என்று கைவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.