டி.எம்.டி.யில் பிபி ஏறியதைக் காட்டி 18,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

கோபம் அடங்கும் முன்பே எழுதிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது டி.எம்.டி. என்கிற டிரெட்மில் டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ் போடுகிற தனியார் ஸ்கேன் சென்டர், அவ்வளவுதான்.

என் மனைவிக்கு 47 வயது. பள்ளி ஆசிரியை. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எதுவும் கிடையாது. மாமியாருக்கு பிபி உண்டு என்பதால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனோம். டெஸ்டுக்கு முன் உட்கார வைத்துப் பார்த்தபோது 128/82. டிரெட்மில்லில் ஒன்பது நிமிடம் நடந்தாள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் சரிவும் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது கட்டத்தின் முடிவில் 182/94, கடைசியில் 204/96. ஈசிஜியில் மாற்றம் எதுவும் இல்லை. ரிப்போர்ட்டிலேயே 'நெகட்டிவ்' என்று போட்டு, அதன் கீழே 'பிபி அளவுக்கு மீறி உயர்ந்தது' என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் பிடித்தார்கள்.

கவுன்சலிங் மேடம் என்று ஒருவர் எங்களைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். 204 என்ற எண்ணைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டார். "என் கூடப் பிறந்த அக்காவா நினைச்சுச் சொல்றேன் சார். இவ்வளவு ஏறுதுன்னா உள்ள அடைப்பு இருக்கலாம். தள்ளிப் போடாதீங்க" என்றார். என் மனைவி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை நடுங்கியது. அந்த நிலையில் யார் கணக்குப் பார்ப்பார்கள்? இதயக் குழாய்களை ஸ்கேனில் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் ஒரு வருட 'இதயப் பாதுகாப்புத் திட்டமும்' சேர்த்து 18,500 ரூபாய் என்றார். அங்கேயே கட்டினோம். ஸ்கேனுக்கு மறுவாரம் தேதி கொடுத்தார்கள்.

நல்ல வேளை, அதற்குள் எங்கள் குடும்ப டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினோம். அவர் முதலில் கேட்டது, "அம்மா, நடக்கும்போது முன்னாடி இருக்கிற கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களா?" ஆமாம், பயத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிபியைப் பார்த்தது தானாக ஊதி எடுக்கும் மெஷின். இறுக்கிப் பிடித்தாலே பிபி கூடும், ஓடும் ஆளிடம் அந்த மெஷின் சரியாகவும் காட்டாது, கையைத் தளர்த்தி வைக்கச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு எடுப்பதுதான் நம்பகமான முறை என்றார்.

அப்புறம் அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு இது புதிதாக இருந்தது.

உடற்பயிற்சி செய்யும்போது மேல் பிபி ஏறத்தான் வேண்டும். இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதே நேரத்தில் தசைகளுக்குப் போகும் குழாய்கள் விரிந்து வழிவிடும், மதகைத் திறந்ததும் தண்ணீர் பல வாய்க்கால்களில் பிரிந்து ஓடுவது மாதிரி. அதனால் கீழ் பிபி பெரும்பாலும் அப்படியே இருக்கும், அல்லது கொஞ்சம் இறங்கும். என் மனைவிக்கு 82 என்பது 94 ஆகியிருக்கிறது. குழாய்ச் சுவர் சரியாக விரியவில்லை, கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம் என்பதற்கான அறிகுறி அது. மேல் பிபிக்குப் பொதுவாக வைத்திருக்கும் கோடு, உச்சத்தில் ஆண்களுக்கு 210, பெண்களுக்கு 190. ஆகவே 204 என்பது அவளுக்கு மிகைதான். ஆனால் அது மட்டுமே இதயக் குழாயில் அடைப்பு இருப்பதற்குச் சாட்சி ஆகாது. அடைப்பைச் சந்தேகிக்க ஈசிஜி மாற்றம், நெஞ்சுவலி இதெல்லாம் வேண்டும். நடக்க நடக்க மேல் பிபி ஏறாமல் இறங்கினால்தான் டாக்டர்கள் பதறி டெஸ்டையே நிறுத்துவார்கள்.

அப்படியென்றால் இந்த ஏற்றம் எதைத்தான் சொல்கிறது? பின்னால் நிரந்தர பிபி வரக்கூடும் என்பதை. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் பல தலைமுறையாக நடக்கும் இதய ஆய்வில் இதைப் பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது பிபி சரியாக இருந்தவர்களையே டிரெட்மில்லில் ஏற்றி, சுமார் எட்டு வருடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். 1999இல் வந்த முடிவின்படி, இரண்டாவது கட்டத்தில் கீழ் பிபி அதிகமாக ஏறியவர்களுக்குப் புதிதாக பிபி வரும் வாய்ப்பு பெண்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆண்களில் நான்கு மடங்கு. 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மிதமான வேகத்திலேயே பிபி மிகையாக ஏறியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வருவதும் அவற்றால் இறப்பதும் 36 சதவீதம் கூடுதலாக இருந்தது. உச்ச வேகத்தில் எடுத்த அளவு அவ்வளவு தெளிவாக எதையும் காட்டவில்லை. அதாவது கவனிக்க வேண்டியது இரண்டாவது கட்டத்தில் வந்த அந்த 182/94. சென்டரில் வட்டம் போட்டதோ 204க்கு!

இன்னொன்றும் சொன்னார். கிளினிக்கில் சரியாக இருந்து வெளியே ஏறி இருக்கும் மறைந்த பிபி இப்படிப்பட்டவர்களில் நிறையப் பேருக்கு இருக்குமாம். அதைக் கண்டுபிடிக்க ஆஞ்சியோ வேண்டாம், கையில் பட்டை கட்டி 24 மணி நேரம் பிபி பார்க்கும் டெஸ்ட் போதும். 1,800 ரூபாய் ஆனது. பகல் சராசரி 138/88, இரவு 122/74, முழு நாளுக்கு 133/84. முழு நாளுக்கு 130/80க்கு மேல் போனாலே பிபி என்று கணக்கு. ஆக, மறைந்த பிபி இருப்பது உறுதியானது. உப்பைக் குறைக்கவும், தினமும் நடக்கவும், வீட்டிலேயே பிபி எழுதி வைக்கவும் சொல்லி, மூன்று மாதம் கழித்து மாத்திரை தேவையா என்று முடிவு செய்யலாம் என்றார். உண்மையில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இதுதான். அதை ஒரு வார்த்தை சொல்லாமல், தேவையில்லாத ஸ்கேனை 18,500 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். அந்த ஸ்கேனில் கதிர்வீச்சும் உண்டு, ரத்தத்தில் மருந்தும் ஏற்றுவார்கள்.

ஸ்கேன் வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்று போனேன். ரிசப்ஷனில் "பில்லிங்ல கேளுங்க சார்." பில்லிங்கில் "மேனேஜர் லீவு." மேனேஜர் வந்ததும் "சிஸ்டத்துல ஏத்தியாச்சு சார், வேணும்னா உங்க வீட்ல வேற யாருக்காவது மாத்தித் தரோம்" என்கிறார். வேறு யாருக்கு ஆஞ்சியோ எடுப்பது, பத்தாவது படிக்கும் என் பையனுக்கா? அக்கா என்று அழைத்த அந்த மேடம் இப்போது போனையே எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'கட்டிய தொகை திரும்பத் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். 18,500 ரூபாய், ஒரு ஆசிரியையின் பல மாதச் சேமிப்பு.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். விவரமாக எச்சரிக்கை எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. டெஸ்டில் கம்பியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிபியை எப்படி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் பிபியும் உள்ள முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். ஈசிஜி சரியாக இருந்து பிபி மட்டும் ஏறியிருந்தால், முதலில் 24 மணி நேர பிபி டெஸ்டைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சுவலியோ ஈசிஜி மாற்றமோ இருந்தால் அது வேறு விஷயம், தாமதிக்காமல் இதய டாக்டரிடம் போங்கள். டெஸ்ட் எடுத்த இடத்திலேயே அன்றைக்கே எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள், ரசீதின் பின்பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.