வருஷ கடைசி நாள், சொந்த அக்கவுன்ட்டுக்குள்ள காசு மாறுனா எப்படி செக் பண்றது: பிஆர்எஸ் போதுமா, டிரான்ஸ்ஃபர் ஷெட்யூல் போடணுமா?

மார்ச் 31-ஆம் தேதி ஒரு கம்பெனி தன்னோட ஒரு பேங்க் அக்கவுன்ட்ல இருந்து இன்னொன்னுக்கு பணம் மாத்துது, ஆனா அது இன்னும் போய்ச் சேரல. இந்த மாதிரி வழியில நிக்கிற தொகை சரியான வருஷத்துக் கணக்குல விழுந்திருக்கான்னு பாக்குற கட்-ஆஃப் டெஸ்ட் பண்ண ரெண்டு வழி வழக்கத்துல இருக்கு. ஒண்ணு எல்லாரும் பண்றது, புக்ஸ் பேலன்ஸையும் பேங்க் பேலன்ஸையும் ஒத்துப்பாக்குற பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்டை, அதாவது பிஆர்எஸ்ஸை, ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் எடுத்து நிலுவையில இருக்கிற ஐட்டம் ஏப்ரல் ஸ்டேட்மென்ட்ல கிளியர் ஆயிடுச்சான்னு பாத்து டிக் அடிக்கிறது. இன்னொண்ணு எல்லா அக்கவுன்ட்டையும் ஒண்ணா வெச்சு ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் நாலு தேதி எழுதுற ஷெட்யூல். ப்ரூஃப் ஆஃப் கேஷ்னு மூணாவது ஒண்ணும் இருக்கு, ஆனா அது முழு மாசத்து வரவு செலவையும் சேத்து சரிபாக்குறது, கடைசி நாலு நாளுக்காக அதைத் தூக்குறது எனக்கு அதிகமா படுது, அதனால விட்டுடறேன்.

இந்த வருஷம் அம்பத்தூர் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனி ஆடிட்ல நான் ஷெட்யூல் போடுறதுன்னு முடிவு பண்ணேன், அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதறேன்.

பிஆர்எஸ்ஸோட நல்லது எல்லாருக்கும் தெரியும். எப்படியும் வாங்கித்தான் ஆகணும், கிளையன்ட் ரெடியா வெச்சிருப்பாங்க, ஆடிட் ஆபீஸ்ல பயிற்சி எடுக்கிற ஆர்ட்டிகிள் பசங்களுக்கு ஒரு மதியத்துல முடிஞ்சிரும். பிரச்சனை ஒண்ணே ஒண்ணுதான், அதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

மூணு அக்கவுன்ட் இருக்குன்னு வெச்சுக்கோங்க: அம்பத்தூர்ல சிசின்னு சொல்ற கேஷ் கிரெடிட் கடன் அக்கவுன்ட், கிண்டில ஒரு கரன்ட், ஓசூர் பிளான்ட்டுக்கு ஒரு கரன்ட். மார்ச் 31 சாயங்காலம் அம்பத்தூர் சிசி செக் ஒண்ணு 40 லட்சத்துக்கு எழுதி கிண்டி அக்கவுன்ட்ல போடுறாங்க. ஏப்ரல் 1 பேங்க் கணக்கு முடிக்கிற லீவு, அதனால செக் ஏப்ரல் 2 தான் கிளியர் ஆகுது, ரெண்டு ஸ்டேட்மென்ட்லயும் 2-ஆம் தேதிதான் விழுது. இது வரைக்கும் தப்பே இல்ல. ஆனா புக்ஸ்ல என்ன பண்ணியிருக்காங்கன்னா, கிண்டி பக்கம் மார்ச் 31 தேதியில ரசீது வவுச்சர், ஒரு பழைய கஸ்டமர்கிட்ட இருந்து வசூல் வந்ததா. அம்பத்தூர் பக்கம் பேமென்ட் வவுச்சர் ஏப்ரல் 2, அதே கஸ்டமருக்கு திருப்பிக் குடுத்ததா.

இப்ப பிஆர்எஸ்ஸைப் பாருங்க. கிண்டி பிஆர்எஸ்ல "போட்டது, இன்னும் வரவாகல" 40 லட்சம் இருக்கு. ஏப்ரல் ஸ்டேட்மென்ட்ல தேடுறீங்க, 2-ஆம் தேதி வரவு இருக்கு, டிக். அம்பத்தூர் பிஆர்எஸ்ல அந்த செக் நிலுவை லிஸ்ட்லயே இல்ல, ஏன்னா புக்ஸும் எழுதல, பேங்க்கும் கழிக்கல, ரெண்டும் அழகா ஒத்துப்போகுது, டிக். ரெண்டு பிஆர்எஸ்ஸும் சுத்தம். ஆனா பேலன்ஸ் ஷீட்ல கிண்டி பேங்க்ல 40 லட்சம் ஏறியிருக்கு, சிசி கடன்ல 40 லட்சம் ஏறல, பழைய பாக்கி 40 லட்சம் காணாம போயிருக்கு. நம்ம டெஸ்ட்டே இந்த ஆட்டத்துக்கு சாட்சி சொல்ற மாதிரி ஆயிடுது, ஏன்னா பணம் நிஜமாவே வந்துச்சு. எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் யாரும் கேக்கல. இதுக்குத்தான் ஆடிட்ல கைட்டிங்னு பேரு.

நியாயமா சொல்லணும்னா பிஆர்எஸ்ல உல்டா டெஸ்ட் பண்ணா இது மாட்ட வாய்ப்பு இருக்கு. அதாவது ஏப்ரல் ஸ்டேட்மென்ட்ல கழிஞ்ச செக்கெல்லாம் மார்ச் 31 நிலுவை லிஸ்ட்ல இருக்கான்னு பின்னாடி போய் பாக்கணும். நிலுவை லிஸ்ட்ல 415 இருக்கு, லிஸ்ட்லயே இல்லாத 412 ஏப்ரல் 2 கழியுதுன்னா நம்பர் வரிசை காட்டிக் குடுக்கும். ஆனா செக் புக் ரெண்டு மூணு ஓடுற கம்பெனில வரிசைய நம்ப முடியாது. செக்கு மேல எழுதின தேதிய பாக்கலாம்னா, செக்கை இமேஜ் வெச்சே கிளியர் பண்ற சிடிஎஸ் வந்த அப்புறம் செக்கு பேப்பர் போட்ட பேங்க்லயே நின்னுடுது, கழிச்ச பேங்க்குக்கு இமேஜ்தான் போகுது, அந்த இமேஜை கேட்டு வாங்குற பழக்கம் நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கு.

இப்ப ஷெட்யூல். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் ஒரு வரி, நாலு தேதி: புக்ஸ்ல போன தேதி, புக்ஸ்ல வந்த தேதி, பேங்க்ல போன தேதி, பேங்க்ல வந்த தேதி. மேல சொன்ன கேஸ்ல வரிசையா ஏப்ரல் 2, மார்ச் 31, ஏப்ரல் 2, ஏப்ரல் 2. புக்ஸ் தேதி ரெண்டும் ஒரே வருஷத்துல விழணும், அவ்வளவுதான் முக்கிய விதி. இங்க விழல, கண்ணு உடனே அங்க போயிடும். பேங்க் தேதி வருஷம் தாண்டலாம், அதுல தப்பில்ல, ஆனா தாண்டுனா மார்ச் 31 பிஆர்எஸ்ல நிலுவையா இருக்கணும். இங்க கிண்டில இருக்கு, அம்பத்தூர்ல இல்ல. உறுதிப்படுத்த டெபாசிட் சலான் கவுன்ட்டர்ஃபாயில் கேளுங்க, அதுல செக் நம்பரும் எந்த பேங்க் செக்குன்னும் எழுதியிருக்கும். கஸ்டமர் செக்குன்னு சொன்னது நம்ம சிசி செக் புக் நம்பரா இருந்தா அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. திருத்துற என்ட்ரி மார்ச் 31 தேதியில கஸ்டமர் டெபிட், அம்பத்தூர் சிசி கிரெடிட், ஏப்ரல் வவுச்சரை ரிவர்ஸ் பண்ணிடணும். அந்தப் பாக்கி திரும்ப பழைய வயசோட வந்து உக்காரும், அதுக்கு புரொவிஷன் வேணுமான்ற பேச்சு அப்புறம் ஆரம்பிக்கும்.

இந்த ஷெட்யூல்ல உயிர் எங்க இருக்குன்னா லிஸ்ட் எங்க இருந்து எடுக்கறோம்ன்றதுல. கிளையன்ட்கிட்ட "சார், இன்டர் பேங்க் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் குடுங்க"ன்னு கேட்டா டேலி சாஃப்ட்வேர்ல சொந்த பேங்க், கேஷ் கணக்குக்குள்ள மாறுற பணத்துக்குன்னு இருக்கிற கான்ட்ரா ரிஜிஸ்டரை எக்ஸ்போர்ட் பண்ணி மெயில் போடுவாங்க. அது பிரயோஜனமே இல்ல. டேலில கான்ட்ரா வவுச்சர் ஒரே தேதியில ரெண்டு லெட்ஜரையும் அடிச்சிடும், அதுக்குள்ள இந்தத் தப்பு நடக்கவே முடியாது. தப்பு நடக்குற இடம் கான்ட்ராவா போடாம ரசீது ஒண்ணு, பேமென்ட் ஒண்ணுன்னு பிரிச்சுப் போட்டது, அது அந்த லிஸ்ட்லயே வராது. அதனால பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். எல்லா அக்கவுன்ட்டுக்கும் மார்ச் கடைசி வாரம், ஏப்ரல் முதல் வாரம் டவுன்லோட் பண்ணி, டெபிட் ஒரு ஷீட், கிரெடிட் ஒரு ஷீட், கிரெடிட் ஷீட்டுக்கு Credit-ன்னே பேர் வையுங்க. ரெண்டுலயும் முதல் நெடுவரிசை தேதி, ரெண்டாவது அக்கவுன்ட் (நீள நம்பர் வேணாம், சின்னதா ஒரு அடையாளப் பேர் குடுங்க), மூணாவது தொகை. டெபிட் ஷீட்ல நாலாவது நெடுவரிசையில இது:

```
=COUNTIFS(Credit!C:C,C2,Credit!B:B,"<>"&B2,Credit!A:A,">="&A2-7,Credit!A:A,"<="&A2+7)
```

ஜீரோவுக்கு மேல வர்றதெல்லாம் அதே தொகை வேற அக்கவுன்ட்ல ஒரு வாரத்துக்குள்ள வந்திருக்குன்னு அர்த்தம். ரவுண்டு தொகையா இருந்தா தற்செயலாவும் ஒத்துப்போகும், அதை நரேஷன் பாத்து கழிச்சிடலாம். அப்புறம் ஜோடி கிடைச்ச ஒவ்வொண்ணுக்கும் புக்ஸ்ல போய் ரெண்டு தேதியையும், எந்த வகை வவுச்சர்னும் எழுதணும், வேலை அங்கதான் இருக்கு. 40-ஐ 22-ம் 18-மா உடைச்சு அனுப்பியிருந்தா ஃபார்முலா ஏமாந்துடும், அதனால பெரிய தொகையெல்லாம் நரேஷனைக் கண்ணால ஒருதடவை ஓட்டிடுங்க. அக்கவுன்ட் லிஸ்ட் முழுசான்னு வேற பாக்கணும். பேங்க்குக்கு நேரா அனுப்புற கன்ஃபர்மேஷன் லெட்டர்ல பதில் வரும்போதோ, வருமான வரி ஸ்டேட்மென்ட்டான 26ஏஎஸ்ல தெரியாத பேங்க் பேர்ல டிடிஎஸ் தெரியும்போதோ புதுசா ஒரு அக்கவுன்ட் முளைக்கிறது உண்டு. ஷெட்யூல்ல சேராத அக்கவுன்ட் ஒண்ணு இருந்தா மொத்த வேலையும் வீண்.

"இப்பதான் எல்லாம் ஆர்டிஜிஎஸ்ஸாச்சே, எதுக்கு இதெல்லாம்"னு கேக்கலாம். என்இஎஃப்டி 2019 டிசம்பர்ல இருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர்ல இருந்தும் 24 மணி நேரமும் ஓடுது, நிஜமா வழியில நிக்கிற காசு ரொம்பக் கம்மி, உண்மைதான். என்இஎஃப்டி அரை மணிக்கு ஒரு பேட்ச்சா போகுது, 31 ராத்திரி பன்னெண்டு மணிய ஒட்டி அனுப்புனாத்தான் பேங்க் தேதியே மாறும். ஆனா என்னைப் பொறுத்தவரை இது ஷெட்யூலுக்கு எதிரான வாதம் இல்ல. பேங்க் ரெண்டு பக்கமும் ஒரே நாள் ஆயிடுச்சுன்னா, இப்ப புக்ஸ்ல ரெண்டு தேதி வேற வேறயா இருந்தா அதுக்கு சாக்கு சொல்லக்கூட ஒண்ணும் இல்ல.

புக்ஸ் தேதி மாறுறது எல்லாம் திருட்டுன்னும் நெனைக்க வேணாம். அதே ஆடிட்ல ஓசூர்ல இருந்து கிண்டிக்கு 25 லட்சம், மார்ச் 31 ராத்திரி ஆன்லைன்ல போனது. ஓசூருக்கு டேலில தனி கம்பெனி, அவங்க அன்னிக்கே பேமென்ட் போட்டுட்டாங்க. தலைமை ஆபீஸ்ல ரசீதை ஏப்ரல் 1 போட்டாங்க. கிண்டி ஸ்டேட்மென்ட்ல வரவு மார்ச் 31. இங்க காசு ரெண்டு இடத்துலயும் இல்லாம கம்மியா தெரியுது, முந்தினதுக்கு நேர் எதிர். அக்கவுன்டன்ட் சார்கிட்ட கேட்டேன்.

"அது பிராஞ்ச் ஆபீஸ் வித்தியாசம் சார், எப்பவும் ஏப்ரல்ல தானா சரியாயிடும்."

"ஏப்ரல்ல சரியாகும் சார், மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்ல 25 லட்சம் எங்க?"

அப்புறம் சிரிச்சுக்கிட்டே மாத்திக் குடுத்தார். பேங்க்லயே 31-ல வந்துட்டதால கிண்டி பேங்க் டெபிட், ஓசூர் பிராஞ்ச் கணக்கு கிரெடிட், அவ்வளவுதான். பேங்க்லயும் வந்து சேராம இருந்திருந்தா வழியில இருக்கிற பணம்னு தனி லெட்ஜர்ல டெபிட் பண்ணி கேஷோட சேத்துக் காட்டணும். இதை பிஆர்எஸ்ஸும் புடிச்சிருக்கும், கிண்டில "பேங்க்ல வந்தது, புக்ஸ்ல இல்ல"ன்னு நின்னிருக்கும். அதனால இந்தக் கேஸ்ல ரெண்டும் சமம்னுதான் சொல்லுவேன்.

எங்க பிஆர்எஸ்ஸே போதும்னு கேட்டா: ரெண்டே அக்கவுன்ட், ஒரே டேலி கம்பெனி, செக்கே எழுதுறதில்ல, பேங்க் ஸ்டேட்மென்ட்ல தெரியுற டிரான்ஸ்ஃபர் எல்லாம் கான்ட்ராவாத்தான் இருக்குன்னு நீங்களே ஒத்துப்பாத்துட்டீங்க. அங்க நாலு தேதி எழுதுறது பேப்பர் செலவு.

ஷெட்யூல் எங்க தோக்கும்னா, பணம் சிஸ்டர் கன்சர்ன் வழியா சுத்தி வந்தா. அம்பத்தூர்ல இருந்து குரூப் கம்பெனிக்கு, அங்க இருந்து கிண்டிக்குன்னா அது சொந்த அக்கவுன்ட் டிரான்ஸ்ஃபராவே தெரியாது, ரிலேட்டட் பார்ட்டி லெட்ஜரை ரெண்டு வாரத்துக்கு தனியா வாங்கித்தான் பாக்கணும். வெளிநாட்டு வரவை அந்நியச் செலாவணியாவே வெச்சிருக்கிற இஇஎஃப்சி, வெளிநாட்டு பிராஞ்ச் அக்கவுன்ட்டெல்லாம் நான் ரொம்பப் பண்ணதில்ல. அங்க பணம் போய்ச் சேர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், நடுவுல பேங்க் சார்ஜ் கழிஞ்சு தொகையே மாறிடும், மேல இருக்கிற ஃபார்முலா அங்க செல்லாது, அனுப்புன ரெஃபரன்ஸ் நம்பரை வெச்சு கையாலதான் ஜோடி சேக்கணும்.